கலைச்சொல் வேண்டும்: மூன்றாம் நாள் உச்சிக்குப் போகும் தசை நோவு

அனுப்புநர்: உடற்கல்வி ஆசிரியர், சுங்கை சிப்புட்

வணக்கம். தோட்டத்துப் பொது மண்டபத்தில் மாலையில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன ஞாயிறு புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் 20 கிலோ பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தான். 10 தடவை வீதம் 5 சுற்று. அன்று இரவு நன்றாகத்தான் தூங்கினான். திங்கள் காலை தொடை கொஞ்சம் இறுகியிருந்தது. செவ்வாய்க்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாகப் படி இறங்கினான். தொடையை விரலால் அழுத்தினாலே முகம் சுளித்தான். "சார், இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?" என்றான். 'உடம்பு வலி' என்றால் காய்ச்சலில் வருவதும் அதுதானே. 'தாமதத் தசைவலி' சரிப்படுமா?

அனுப்புநர்: ஜிம் நடத்துபவர், கிள்ளான்

அண்ணே, காரணத்தையே பேராக வைத்துவிடலாம். தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதால்தான் இந்த வலி. 'அமில நோவு' என்றால் சின்னதாக, நறுக்கென்று இருக்கும். 'நோவு' சரியான சொல்தான். தொட்டால் வலிப்பதை நம் ஆட்கள் 'நோவுது' என்றுதானே சொல்கிறார்கள்?

அனுப்புநர்: இயன்முறை மருத்துவர், ஈப்போ

தம்பி, 'நோவு' எனக்கும் பிடித்திருக்கிறது. 'அமில' மட்டும் வேண்டாம். பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரம் போல ஆனாலே பெரும்பாலும் வடிந்துவிடும். செவ்வாய்க்கிழமை நோவுக்கு அதன் மேல் பழி போட முடியாது. மலைச்சரிவில் இருக்கும் செம்பனைக் காட்டை நினைத்துப் பாருங்கள். ஏறும்போதுதான் மூச்சு வாங்கும், அமிலமும் கூடும். ஆனால் பழக்கமில்லாதவனுக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை நோவதற்குக் காரணம் இறங்கி வந்ததுதான்.

இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்குகிறது. அப்போது இழைக்குள் இருக்கும் நுண்ணிய கட்டமைப்பு ஆங்காங்கே குலைந்துபோகும். அந்தப் பையன் பாரத்தோடு மெல்ல உட்காரும்போது நடந்ததும் அதுதான். எழுவதை விட உட்காருவதில்தான் சேதம். அந்த நேரத்தில் வலி தெரியாது, பலம் மட்டும் குறைந்துவிடும். ஞாயிறு இரவே அவன் தொடை தளர்ந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு அடுத்த ஓரிரு நாளில் வீக்கம் மெல்ல ஏறும், பழுது பார்க்கும் அணுக்கள் வந்து சேரும், தசையில் ஊறும் வேதிப்பொருள்கள் நரம்பு நுனிகளைக் கூச்சப்படுத்தும். அதனால்தான் சும்மா இருந்தால் அவ்வளவாக வலிக்காமல், தொட்டாலோ நீட்டினாலோ வலிக்கிறது. 24 மணியிலிருந்து 72 மணிக்குள் உச்சிக்குப் போய், ஒரு வாரத்துக்குள் அடங்கும். இது புதுச் செய்தியும் இல்லை, 1902-லேயே ஹஃப் என்பவர் இந்த நோவைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தாதி, பகாவ்

'தாமதம்' என்றால் பஸ் தாமதம் மாதிரி, நேரத்துக்கு வராத ஒன்று என்று ஆகிவிடும். இது வரவேண்டிய நேரத்தில்தான் வருகிறது. 'பின்னெழுநோவு' என்று வைத்தால் என்ன? பிறகு எழும் நோவு. 'மறுநாள் நோவு' எளிதுதான், ஆனால் உச்சி மறுநாளைத் தாண்டிப் போகிறதே. எனக்கு முட்டி பத்து வருஷமாகப் படியில் நோகிறது, அதுவும் இதில் சேருமா?

அனுப்புநர்: இயன்முறை மருத்துவர், ஈப்போ

இல்லை அக்கா, அது மூட்டு. இது தசையின் சதைப்பகுதியில், புது வேலைக்குப் பிறகு வந்து தானே போய்விடுவது. முட்டியை நேரில் காட்டுங்கள்.

'பின்னெழுநோவு' நன்றாக இருக்கிறது.

அனுப்புநர்: ஜிம் நடத்துபவர், கிள்ளான்

அமிலத்தை விட்டுவிட்டேன், அண்ணே. ஆனால் பிள்ளைகளிடம் நீட்சிப் பயிற்சி செய்யச் சொல்லியே வருகிறேனே?

அனுப்புநர்: இயன்முறை மருத்துவர், ஈப்போ

செய்யட்டும், கெடுதல் இல்லை. ஆனால் இந்த நோவை அது குறைப்பது மிகக் கொஞ்சம். மெல்ல நடந்தால் நடக்கும் வரை இலேசாகும், உட்கார்ந்ததும் திரும்பிவிடும். இதமாகப் பிடித்துவிட்டால் ஓரளவு குறையும். உண்மையில் காப்பாற்றுவது முதல் தடவை குறைத்துத் தொடங்குவதுதான்: 5 சுற்றுக்குப் பதில் 2. நோவு அடங்கியபின் அதே வேலையைத் திரும்பச் செய்தால் இரண்டாம் தடவை வெகுவாகக் குறைந்திருக்கும். புதிதாகச் செம்பனைக் குலை வெட்ட வருபவருக்கு முதல் வாரம் தோள் தூக்க முடியாமல் இருந்து பிறகு பழகிப்போவது இதனால்தான்.

ஒன்றை மட்டும் ஆசிரியர் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போனாலோ, தசை கல்லாக வீங்கினாலோ, கைகாலை அசைக்கவே முடியாமல் போனாலோ அது பின்னெழுநோவு இல்லை. தசை உடைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அனுப்புநர்: உடற்கல்வி ஆசிரியர், சுங்கை சிப்புட்

பையனிடம் கேட்டேன் ஐயா. ஞாயிறு வீட்டுக்குப் போகும்போதே மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றத் தொடையில் வலுவில்லையாம். நிறம் மாறவில்லை, வியாழன் அன்று படி இறங்கிவிட்டான். மண்டபத்து அறிவிப்புப் பலகையில் 'பின்னெழுநோவு' என்றே எழுதப்போகிறேன். தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவதற்கு 'நீள்தாங்கல்' என்று ஒரு சொல் தோன்றியது. அது சாய்வு நாற்காலி மாதிரி கேட்கிறது என்கிறாள் மனைவி. வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.