வெள்ளிக்கிழமை மட்டும் சரியாக வரும் கணக்கு: புரோக்கர் ஆடிட் அனுபவங்கள்

சென்னை ஆடிட்டர்

2018இல் ஒரு நடுத்தர அளவு பங்குத் தரகு நிறுவனத்துக்கு அரையாண்டு இன்டர்னல் ஆடிட் போயிருந்தேன். பெயர் வேண்டாம். வாடிக்கையாளர் பணம் வாடிக்கையாளருக்காக மட்டும்தான் இருக்கிறதா என்று பார்க்க செபி 2016இல் ஒரு கணக்கு கொடுத்தது. வாடிக்கையாளர் வங்கிக் கணக்குகளில் உள்ள பணம், அதோடு வர்த்தகங்களுக்கான பணத்தையும் பங்கையும் தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷனில் ரொக்கமாகவும் எஃப்டியாகவும் வைத்திருப்பது. இந்த இரண்டையும் கூட்டி, வாடிக்கையாளர்களுக்குத் தர வேண்டிய மொத்த வரவுத் தொகையைக் கழிக்க வேண்டும். விடை மைனஸில் போனால், யாரோ ஒருவருடைய பணத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அப்போது வாரத்தின் கடைசி வர்த்தக நாள் நிலவரத்தைத்தான் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் அனுப்பிய ஒரு வெள்ளிக்கிழமைக் கணக்கில் வங்கியில் 6.10 கோடி, கிளியரிங்கில் 12.90 கோடி, தர வேண்டியது 18.60 கோடி. 40 லட்சம் பிளஸ். பார்க்க நன்றாகவே இருந்தது.

வங்கி ஸ்டேட்மென்ட்டை அவர்கள் தந்த எக்செலில் பார்க்காமல் நேராக வங்கியிடமிருந்தே வாங்கினேன். வெள்ளிக்கிழமை மாலை நிறுவனத்தின் சொந்தக் கணக்கிலிருந்து 75 லட்சம் வாடிக்கையாளர் கணக்குக்கு வந்திருந்தது. திங்கள் காலை அதே 75 லட்சம் திரும்பிப் போயிருந்தது. முந்தைய வாரங்களைப் புரட்டினால் தொகை மாறுகிறது, கிழமை மாறவில்லை.

சரி என்று அதே வாரப் புதன்கிழமைக்கு நானே கணக்குப் போட்டேன். அந்த வாரம் வரவுத் தொகையிலும் கிளியரிங் இருப்பிலும் பெரிய மாற்றம் இல்லை. வங்கியில் 5.35 கோடிதான். 35 லட்சம் மைனஸ்.

அதோடு முடியவில்லை. வரவுப் பட்டியலில் ஒரு குடும்பத்தை ஒரே வரியாகக் காட்டியிருந்தார்கள். அப்பாவுக்கு வரவு, மகனுக்குப் பற்று. இருவருக்கும் தனித்தனி கிளையன்ட் கோடு. மகனுடைய 45 லட்சம் பற்றை அப்பாவின் வரவில் கழித்துவிட்டார்கள். பிரித்துப் போட்டால் தர வேண்டியது 19.05 கோடி, பள்ளம் 80 லட்சம்.

பணம் எங்கே போனது என்பதற்கும் அதே கணக்கில் வழி இருக்கிறது. பற்று வைத்திருந்த வாடிக்கையாளர்களின் மொத்தம், மகனையும் சேர்த்து, 1.40 கோடி. 80 லட்சம் அதற்குள் அடங்குகிறது. அதாவது பணம் போட்டு வைத்தவர்களின் காசில், பணம் கட்டாதவர்களுக்குப் பங்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பள்ளம் 1.40 கோடியைத் தாண்டியிருந்தால், தாண்டிய தொகையை நிறுவனமே எடுத்துக்கொண்டது என்று எழுத வேண்டியிருந்திருக்கும். அப்படி இல்லாததால் குற்றம் சிறியது என்று நான் நினைக்கவில்லை. பணம் போட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள். பங்குகள் பக்கம் பார்த்தவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.

திருச்சி சப் புரோக்கர்

சார், குடும்பத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருந்தால் கழிப்பதில் என்ன தவறு? எங்கள் ஊரில் அப்பா கணக்கில்தான் எல்லோருக்கும் பணம் வரும். இன்னொன்று, இப்போது அப்ஸ்ட்ரீமிங் வந்துவிட்டதே. அன்றன்றைய பணம் அன்றே கிளியரிங் கார்ப்பரேஷனுக்குப் போய்விடுகிறது. இந்தக் கணக்கே இனி தேவையில்லை.

சென்னை ஆடிட்டர்

கடிதத்தை அவர்களும் காட்டினார்கள். ஆனால் அப்பா நாளை தன் வரவு முழுவதையும் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மகன் கட்டவில்லை என்று சொல்லி நிறுத்த முடியாது. அதனால் ஒவ்வொரு கோடாகத்தான் பார்த்தேன்.

அப்ஸ்ட்ரீமிங் பற்றிச் சொன்னது பாதி சரி. 2023க்குப் பிறகு வெள்ளி மாலை வித்தை கடினம்தான், பணம் வாடிக்கையாளர் வங்கிக் கணக்கில் தங்குவதே குறைவு. ஆனால் எவ்வளவு பணத்தை மேலே அனுப்ப வேண்டும் என்பது புரோக்கரின் லெட்ஜரிலிருந்து வருகிறது. லெட்ஜரில் ஒருவருக்குப் பொய்யாக ஒரு பற்று எழுதிவிட்டால் தர வேண்டிய தொகையே குறைந்துவிடும். கிளியரிங் கார்ப்பரேஷனுக்கு அது தெரிய வழி இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸில் உள்ள இருப்பைத் தன் கணக்கோடு ஒப்பிடும் வாடிக்கையாளர்தான் கண்டுபிடிக்க முடியும்.

மதுரை முதலீட்டாளர்

எனக்கு இதுதான் நடந்தது என்று நினைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை நான் கேட்காமலே ரூ.6,200 என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. புரோக்கர் கடையை மூடப் போகிறாரா? பயமாக இருக்கிறது.

கோவை பேக் ஆபிஸ்

பயப்படாதீர்கள் அண்ணா, அது வேறு. நீங்கள் தேர்ந்தெடுத்தபடி மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ சும்மா கிடக்கும் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. வந்தது நல்லதுதான். வராமல் இருந்தால்தான் கேட்க வேண்டும்.

பங்குகள் பக்கம் நான் எழுதுகிறேன். பங்குகள் வாடிக்கையாளர் கணக்கிலேயே இருக்க அடகாக மட்டும் பதியும் பிளெட்ஜ் முறை வருவதற்கு முன்பு, 2020 வரை, வாடிக்கையாளர்கள் மார்ஜினுக்காகப் பங்குகளை எங்கள் டீமேட் கணக்குக்கே மாற்றிக் கொடுப்பார்கள். தினமும் காலையில் டெபாசிட்டரி ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன் ஒவ்வொன்றாக எங்கள் ஸ்டாக் ரிஜிஸ்டரோடு ஒப்பிடுவது என் வேலை. குறைந்தால் உடனே மேலாளரிடம் ஓடுவோம். கூடினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

ஒரு வாடிக்கையாளரின் 400 பங்குகள் எங்களிடம் இருந்தபோது ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தது. டீமேட்டில் 800 ஆகிவிட்டது. சாப்ட்வேரில் போனஸ் பதிவாகவில்லை, ரிஜிஸ்டரில் 400தான். சில நாள் கழித்து இன்னொருவர் கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டார். விற்ற பங்கை எக்ஸ்சேஞ்சுக்கு பே-இன் கொடுக்க நேரமாகிவிட்டது. ஏலத்துக்குப் போகக் கூடாது என்று இங்கிருந்து 300 எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் என் ஒப்பீட்டில் டீமேட்டில் 500, ரிஜிஸ்டரில் 400. "100 அதிகம்" என்றுதான் வந்தது. உண்மையில் அந்த மனிதருக்கு 300 பங்கு குறைவு. போனஸ் ஏன் வரவில்லை என்று அவரே போன் செய்தபோதுதான் பிடிபட்டது. அதன் பிறகு கூடுதலாக வரும் ஒவ்வொரு பங்குக்கும் உரிமையாளர் பெயர் எழுதாமல் நான் ஷீட்டை மூடியதில்லை.

ஓய்வுபெற்ற கிளியரிங் அதிகாரி

கோவை அம்மா சொன்னது அருமை. ஒன்று சேர்க்கிறேன். ஒப்பிடுவதற்கு முன்பு டீமேட் கணக்குகளின் பட்டியல் முழுமையா என்று பாருங்கள். கார்வி என்ற தரகு நிறுவனத்தின் விவகாரத்தில், எக்ஸ்சேஞ்சிடம் தெரிவிக்காத ஒரு டீமேட் கணக்கு இருந்தது என்பது 2019 நவம்பரில் வந்த செபி உத்தரவிலேயே இருக்கிறது. பட்டியலில் இல்லாத கணக்கை எத்தனை நாள் ஒப்பிட்டாலும் தெரியாது. நான் பான் எண்ணைக் கொடுத்து என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் என்ற இரண்டு டெபாசிட்டரிகளிலும் நான் பார்க்கும் நிறுவனத்தின் பெயரில் உள்ள எல்லாக் கணக்குகளையும் எழுத்தில் கேட்டு வாங்குவேன்.

ஆடிட்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. வாடிக்கையாளருக்கு எழுதி இன்னும் பணமாகாத காசோலையை எப்படி எடுத்தீர்கள்? நான் பார்த்த ஓர் இடத்தில் வெள்ளிக்கிழமை காசோலை எழுதி லெட்ஜரில் ஏற்றிவிட்டு, காசோலையை டிராயரிலேயே வைத்திருந்தார்கள். தர வேண்டியது குறைந்துவிட்டது, வங்கி இருப்பு குறையவில்லை.

சென்னை ஆடிட்டர்

வங்கி இருப்பை ஸ்டேட்மென்ட்டிலிருந்து எடுத்தால் பணமாகாத காசோலைகளை வாடிக்கையாளர் வரவில் திரும்பக் கூட்டுவேன். வங்கிப் புத்தகத்திலிருந்து எடுத்தால் அங்கே ஏற்கெனவே கழிந்திருக்கும், கூட்ட வேண்டாம். ஒன்றை ஸ்டேட்மென்ட்டிலிருந்தும் மற்றதை லெட்ஜரிலிருந்தும் எடுத்துவிட்டுத் திருத்தாமல் விட்டால் நீங்கள் சொன்ன ஓட்டை திறந்துவிடும்.

கோவை பேக் ஆபிஸ்

சார், இதைப் படித்துவிட்டு எங்கள் சாப்ட்வேரில் பார்த்தேன். வங்கி இருப்பு ஸ்டேட்மென்ட்டிலிருந்து வருகிறது, வரவு லெட்ஜரிலிருந்து வருகிறது, காசோலைக்கான வரியில் பூஜ்யம் நிற்கிறது. இப்போது காசோலை அதிகம் எழுதுவதில்லை, ஆனால் மாலையில் லெட்ஜரில் ஏற்றி மறுநாள் வங்கிக்கு அனுப்பும் நெஃப்ட் இருக்கிறதே, அதுவும் இதே வரியில்தானே வர வேண்டும்? சாப்ட்வேர்காரர்களுக்கு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.