ஞாயிறு ரூஃப் கான்க்ரீட்: கம்பிக்கு அடியில் ஜல்லி வைத்தால் போதுமா, கவர் பிளாக் கட்டாயம் வேண்டுமா?

கடலூர் புதுவீடு

வணக்கம். கடலூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன், கடற்கரையிலிருந்து சுமார் 2 கி.மீ. பில்லர், பீம் முடிந்து சென்ட்ரிங் அடித்து ரூஃப் கம்பி கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கான்க்ரீட். அதைத் தள்ளிப்போடலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கமும் இழுக்கிறார்கள். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

அப்பாவின் நண்பர் ஒருவர், பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நேற்றுச் சாயங்காலம் சைட்டுக்கு வந்தார். ஏணியில் மெதுவாக ஏறி மேலே நின்றவர், வேறு எதையும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து கம்பிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். பல இடங்களில் விரல் போகவே இல்லை, கம்பி ஷீட்டின் மேல் படுத்திருந்தது. சில இடங்களில் முக்கால் ஜல்லி வைத்திருந்தார்கள். செருப்புக் காலால் கம்பியை லேசாக அழுத்தினார். ஜல்லி நழுவி ஓடிவிட்டது.

"மேஸ்திரி, கவர் பிளாக் எங்கப்பா?"

"கான்க்ரீட் கொட்டும்போது கொக்கி போட்டுத் தூக்கி விட்டுடுவோம்யா. எப்பவும் அப்படித்தான் செய்றது."

"நீ தூக்குவே. அடுத்த நிமிஷம் வைப்ரேட்டர் பிடிக்கிற பையன் அது மேலயே நிப்பான். திரும்ப இறங்காதா?"

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. ஐயா சட்டைப் பையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து என்னிடம் காட்டினார். "தம்பி, நல்ல கான்க்ரீட்டுக்குள்ள கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டோட காரம் அதைக் காப்பாத்துது. வெளிக்காத்து மெல்ல மெல்ல உள்ள போய் அந்தக் காரத்தைக் குறைச்சுக்கிட்டே வரும். உங்க ஊர்ல உப்பும் சேர்ந்து போகும். ரெண்டுல ஒண்ணு கம்பியைத் தொட்டா துரு ஆரம்பம். ஆனா ஆழம் கூடக் கூட அது போற வேகம் குறையும். முதல் 10 மி.மீ. போக 10 வருஷம் ஆச்சுன்னு வை, 20 மி.மீ. போக 20 வருஷம் இல்ல, ஏறக்குறைய 40 வருஷம். கம்பிக்கு வெளியில இருக்கிற கான்க்ரீட் கனம்தான் கவர். அது பாதியானா ஆயுசு பாதியாகாது, கால்வாசி ஆயிடும்."

எனக்கு அது புதிது. துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் எடுப்பதால் கான்க்ரீட்டை உள்ளிருந்து தள்ளிப் பிளந்துவிடும் என்றும் சொன்னார்.

பிறகு பால்கனிப் பக்கம் போனார். அங்கே அவர் கவலை வேறு. "இங்க முக்கியக் கம்பி மேல இருக்கு. தளம் 125 மி.மீ., மேல்கவர் 20, கம்பி 10. கம்பியோட நடுவுலேர்ந்து அடி ஷீட் வரை 100 மி.மீ. இருக்கணும். ஆளுங்க மிதிச்சு 40 மி.மீ. இறங்கிட்டா மிச்சம் 60. பலத்துல ஏறக்குறைய நாப்பது சதவீதம் போயிடும். துருப்பிடிக்கவே வேண்டாம், சென்ட்ரிங் பிரிச்ச அன்னைக்கே தொங்கும்." மேல்கம்பியைத் தாங்க ஒரு சேர் கம்பிகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

காண்ட்ராக்டரோ, இவ்வளவு வருடமாக இப்படித்தான் போடுகிறோம், எந்த வீடும் விழவில்லை என்கிறார். என்ன செய்யட்டும்?

மயிலாடுதுறை டீச்சர்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கூரையில் பூச்சு உப்பி ஒரு தகடாக விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருந்தது. பெயிண்டர்தான் காரணம் என்று நினைத்து அவரோடு சண்டையே போட்டோம். நீங்கள் சொல்வதைப் படித்தால் கவர் இல்லாததாக இருக்குமோ? நாங்கள் கடலிலிருந்து தூரம்தான். அதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும்?

வீடு கட்டினவன்

சார், கவலைப்படாதீங்க. கீழே அரை இஞ்ச் பூச்சு வருதில்ல, அதுவும் கவர்தானே. பயமா இருந்தா எல்லா இடத்துக்கும் 40 மி.மீ. பிளாக் வாங்கிப் போட்டுருங்க. கவர் எவ்வளவு கூடுதோ அவ்வளவு நல்லது.

கட்டமைப்புப் பொறியாளர், திருச்சி

கவர் கூடக் கூட நல்லது என்பது துருவுக்கு மட்டும் சரி. 125 மி.மீ. தளத்தில் டிசைனரைக் கேட்காமல் 40 மி.மீ. வைத்தால், அந்த ஐயா பால்கனியில் காட்டிய அதே மாதிரி இழப்பு உங்கள் அறைத் தளத்தின் அடிக்கம்பியிலும் வரும். பூச்சைக் கவர் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது தனி அடுக்கு. கான்க்ரீட்டைவிட நுண்துளை அதிகம், எப்போது வேண்டுமானாலும் பிரியும்.

கடலூர் நண்பரே, உங்கள் வரைபடத்தில் கவர் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கான்க்ரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐ.எஸ். 456 உள்நாட்டுச் சாதாரண நிலைக்கு 20 மி.மீ. சொல்கிறது, அடுத்த நிலைக்கு 30, கடலோரச் சூழலுக்கு 45. கடலோரம் என்றால் கான்க்ரீட்டும் எம்30 தரத்தில் வேண்டும். 2 கி.மீ. தூரத்தில் நான் அறைத் தளத்துக்கு 30, வெளியே நீட்டியிருக்கும் பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் 45 எடுப்பேன். தளத்தின் கனத்தையும் அதற்கேற்பக் கூட்டுவேன். எல்லாவற்றுக்கும் 45 என்று பிடிவாதமாக இருப்பவர்களும் உண்டு. வரைபடத்தில் 20 என்று இருந்தால் டிசைனரிடம் பேசாமல் கான்க்ரீட் போடாதீர்கள்.

டீச்சர், மேலே குளியலறைக் கசிவு இருந்தாலும் இதே மாதிரி விழும். விழுந்த இடத்தில் கம்பிக்கு வெளியே எவ்வளவு கான்க்ரீட் இருந்தது என்று அளந்து தனி இழையில் போடுங்கள்.

கம்பி வேலைக்காரன்

நான் இந்த வேலைதான் செய்றேன், அண்ணே. மேஸ்திரியை மட்டும் குத்தம் சொல்லாதீங்க, பிளாக் வாங்கிக் குடுத்தா கட்டிருவோம். 12க்கு 14 அடி ரூம்னா மூணு அடிக்கு ஒண்ணு, ஓரத்தையும் சேர்த்து 30 பிளாக்தான் ஆகும். 8 மி.மீ. கம்பி தொய்யும், அதனால நெருக்கியே வைங்க. சும்மா அடியில தள்ளாம கட்டுக்கம்பியால கட்டணும், இல்லன்னா மிதிக்கும்போது சாயும். பீம்ல அடியில மட்டும் வெச்சுட்டு விட்டுடுவாங்க, பக்கவாட்டிலயும் வேணும். கவர் அளவை ரிங்குக்கு வெளியிலேர்ந்து எடுக்கணும்.

சைட்லயே வார்க்கிறதா இருந்தா ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது. வார்த்ததைத் தண்ணியில போட்டு ஒரு வாரமாவது ஊற விடணும். பச்சையா வெச்சா கம்பி பாரத்துலயே நொறுங்கும். கடையில ரெடிமேட் கான்க்ரீட் பிளாக் கிடைக்கும். இன்னொண்ணு, துண்டுக் கம்பியை அடியில வெச்சுத் தூக்குறாங்களான்னு பாருங்க. அது ஷீட்டைத் தொடும், சென்ட்ரிங் பிரிச்சதும் முனை வெளியில தெரியும், துரு அங்கேர்ந்தே உள்ள போகும்.

பி.வி.சி. பிளாக் ஓகேவா சார்?

கட்டமைப்புப் பொறியாளர், திருச்சி

சொன்னது அத்தனையும் சரி, தம்பி. பில்லர் பக்கவாட்டுக்கு வட்ட பி.வி.சி. பயன்படுத்துகிறார்கள். கடலோரத் தளத்துக்கு எனக்குக் கான்க்ரீட் பிளாக்தான் பிடிக்கும். சுற்றியுள்ள கான்க்ரீட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக்கின் ஓரமாக ஈரம் நுழைய வழி கிடைக்கலாம். இதில் என் கூட வேலை செய்பவர்களே ஒத்துக்கொள்வதில்லை.

கடலூர் புதுவீடு

எல்லோருக்கும் நன்றி. வரைபடத்தில் 20 என்றுதான் இருக்கிறது. டிசைனருக்குப் போன் செய்தேன். கடல் தூரத்தை யாரும் சொல்லவில்லை என்றார், திருத்திய அளவு தருகிறாராம். ஞாயிறு கான்க்ரீட்டை நிறுத்திவிட்டேன். காண்ட்ராக்டருக்குக் கோபம், சென்ட்ரிங் வாடகை யார் தருவது என்று கேட்கிறார். அது இன்னும் பேசி முடியவில்லை. ரெடிமேட் பிளாக்கும் பால்கனிக்குச் சேர் கம்பியும் சொல்லியாகிவிட்டது. கான்க்ரீட் அன்று ஆட்கள் நடக்கப் பலகை போடச் சொல்லியிருக்கிறார் ஐயா.

ஒரு சந்தேகம் பாக்கி. போட்டு முடித்த பில்லர்களிலும் பிளாக் வைத்தார்களா என்று தெரியவில்லை. உடைக்காமல் பார்க்க வழி உண்டா?

கட்டமைப்புப் பொறியாளர், திருச்சி

கவர் மீட்டர் என்ற கருவி இருக்கிறது. கான்க்ரீட் பரிசோதனைக் கூடத்தில் கேட்டால் ஆளோடு வருவார்கள். ஒவ்வொரு பில்லரையும் நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். கம்பிக் கூடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு முகத்தில் 15, எதிர் முகத்தில் 65 என்று காட்டும். அளவு கைக்கு வரும்வரை பில்லருக்குப் பூச்சு வேலை தொடங்க வேண்டாம். வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.