மாரத்தான் சராசரி வேகம் ஒவ்வொரு முறையும் வேறு வருகிறது, எங்கே தப்பு?

காலைஓட்டம்:
முதல் முழு மாரத்தானை 4 மணி 23 நிமிடம் 40 விநாடியில் முடித்தேன். சராசரி வேகத்தைக் குறித்துவைக்க உட்கார்ந்தால் கணக்கு குழம்புகிறது. கால்குலேட்டரில் 42.195-ஐ 4.2340-ஆல் வகுத்தால் மணிக்கு 9.97 கி.மீ. தூரம் 26 மைல் 385 கஜம் என்பதால் 26.385-ஐ அதே எண்ணால் வகுத்தேன், மணிக்கு 6.23 மைல் வந்தது. ஆனால் 9.97 கி.மீ.யை மைலாக மாற்றினால் 6.19தான். எக்செல்லிலோ 230 என்கிறது! 9.97 நம்பும்படி இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா?

நிலாமுற்றம்:
வேண்டாம், அது தப்பு. மணிக்குச் சரியாக 10 கி.மீ. வேகத்தில் ஓடுபவர் மாரத்தானை 4.2195 மணி நேரத்தில் முடிப்பார். புள்ளிக்குப் பின்னால் உள்ள 0.2195-ஐ 60-ஆல் பெருக்கினால் 13 நிமிடம் சொச்சம். அதாவது 4:13:10. நீங்கள் அவரைவிடப் பத்தரை நிமிடம் பின்னால் வந்திருக்கிறீர்கள். 9.97 என்றால் அவருக்கு முக்கால் நிமிடம் மட்டுமே பின்னால் இருந்திருக்க வேண்டும்.

4:23:40-ஐ 4.2340 என்று எழுதியதுதான் கோளாறு. 23 நிமிடம் என்பது ஒரு மணியில் 60-இல் 23 பங்கு, 100-இல் அல்ல. எல்லாவற்றையும் விநாடியாக்கிவிட்டால் குழப்பமே இல்லை. 4 மணிக்கு 14,400, 23 நிமிடத்துக்கு 1,380, அதோடு 40, ஆக 15,820 விநாடி. 3,600-ஆல் வகுத்தால் 4.3944 மணி. 42.195-ஐ இதனால் வகுத்தால் மணிக்கு 9.60 கி.மீ.

மைலிலும் இதே தப்பைத்தான் செய்திருக்கிறீர்கள். ஒரு மைலுக்கு 1,760 கஜம். ஆகவே 385 கஜம் என்பது 0.385 மைல் இல்லை, 0.21875 மைல். தூரம் 26.219 மைல், வேகம் மணிக்கு 5.97 மைல். 42.195-ஐ 1.609344-ஆல் வகுத்தாலும் அதே 26.219 வரும்.

தாமரைக்குளம்:
இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. முதல் பாதி வேகத்தையும் இரண்டாம் பாதி வேகத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் போதும். இரண்டும் சம தூரம்தானே?

காலைஓட்டம்:
முதல் பாதி 2:05:00, அடுத்தது 2:18:40. வேகம் 10.13, 9.13. சராசரி 9.63 வருகிறதே?

நிலாமுற்றம்:
அந்த 0.03 வித்தியாசம் பிழைதான். மெதுவாக ஓடிய பாதியில் நீங்கள் அதிக நேரம் இருந்தீர்கள், அதனால் அந்த வேகத்துக்கு எடை கூட வேண்டும். இரண்டால் வகுக்கும்போது அது கிடைப்பதில்லை. தாமரைக்குளம் சொன்ன வழி பேஸுக்குப் பொருந்தும்: கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று எடுத்தால், சம தூரங்களின் சராசரி சரியாகவே வரும். உங்கள் பேஸ் கிலோமீட்டருக்கு 6:15, மைலுக்கு 10:03. உங்களுடைய வேகத்துக்கு இதுவே நல்ல சரிபார்ப்பு: 60-ஐ 6.25-ஆல் வகுத்தால் மறுபடி 9.6.

தாமரைக்குளம்:
சரி, பேஸைத்தான் மனதில் வைத்திருந்தேன், வேகம் என்று எழுதிவிட்டேன்.

கடலோரக்காற்று:
எனக்கும் இதே பிரச்சினை. 4:23:40-க்கு என் கடிகாரம் 42.6 கி.மீ., பேஸ் 6:11 என்று காட்டியது. மைல் மாற்றுவதில் பிழையா?

நிலாமுற்றம்:
உங்களுடையது வேறு. நேரம் ஒன்றே, தூரம்தான் வேறு. ஓட்டப்பாதையை மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். நாம் வளைவுகளில் வெளிப்பக்கம் ஓடுவோம், ஆட்களைத் தாண்ட விலகுவோம். அதோடு ஜிபிஎஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டும். பந்தய முடிவோடு ஒப்பிட 42.195-ஐயே எடுங்கள்.

காலைஓட்டம், எக்செல் ஒரு நாளை 1 என்று எண்ணுகிறது. உங்கள் நேரம் அதற்கு 0.183 நாள், அதனால் வந்த 230 ஒரு நாளைக்கான கிலோமீட்டர். B2 கட்டத்தில் உள்ள நேரத்தை 24-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்:

```
=42.195/(B2*24)
```

விடை ஏதோ மணி நேரம் போலத் தெரிந்தால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை எண்ணாக மாற்றுங்கள்.

காலைஓட்டம்:
9.60 வந்துவிட்டது, மிக்க நன்றி. இன்னொன்று: 4:23:40 துப்பாக்கி வெடித்ததிலிருந்து. தொடக்கக் கோட்டைத் தாண்டவே எனக்கு மூன்று நிமிடம் ஆனது. எதை எடுப்பது?

தாமரைக்குளம்:
அறிவிக்கப்பட்ட நேரம்தான் நேரம்.

நிலாமுற்றம்:
வரிசையில் நின்ற மூன்று நிமிடத்தை ஓட்ட வேகத்தில் சேர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தொடக்கக் கோட்டைத் தாண்டியதிலிருந்து எண்ணும் சிப் நேரத்தை எடுங்கள், பக்கத்தில் அப்படி என்று குறித்துவையுங்கள்.