புத்தர் விஷ்ணு அவதாரமா? எந்தப் புத்தகத்த நம்பி வாங்குறது?

ஜெலுத்தோங் பையன்: எல்லா மதத்தையும் நடுநிலையா சொல்ற, பிரச்சாரம் பண்ணாத அறிமுகப் புத்தகம் ஒன்னு வேணும். கடைல ரெண்டு புரட்டினேன். ஒன்னுல புத்தர் விஷ்ணுவோட ஒன்பதாவது அவதாரம்னு போட்டிருக்கு, இன்னொன்னுல அந்தப் பேச்சே இல்ல. எத வாங்குறது?

குமார்_பிஎம்: அவதாரம்தான் பாஸ், இதுல என்ன டவுட்டு. தசாவதாரத்துல இருக்குல்ல? பௌத்தம் நம்ம மதத்தோட ஒரு கிளை, அவ்ளோதான். முதல் புக்க எடு.

லோரோங் பர்மா அக்கா: குமார் தம்பி, பாதி சரி. பல பட்டியல்ல புத்தர் இருக்காரு, ஆனா நம்ம தமிழ் வைணவக் கோயில்கள்ல பெரும்பாலும் அந்த இடத்துல பலராமர்தான் இருப்பாரு, அடுத்த தடவ போறப்ப எண்ணிப் பாருங்க. அப்புறம் பாகவதம் என்ன சொல்லுது? அசுரர்கள மயக்கத்தான் விஷ்ணு புத்தரா பிறப்பாராம். அதாவது அவர் போதிச்சது ஏமாத்துறதுக்குன்னு ஆகுது. எங்க தெருவுல தாய்லாந்து புத்தர் கோயிலும் பர்மா கோயிலும் எதிரெதிரா இருக்கு, அங்க போய் இத மரியாதைன்னு சொல்லிப் பாருங்க. 1956ல நாக்பூர்ல அம்பேத்கர் மதம் மாறினப்ப எடுத்த உறுதிமொழியிலயே புத்தர் விஷ்ணு அவதாரம் இல்லன்னு தனியா ஒன்னு உண்டு.

குமார்_பிஎம்: அக்கா, ஜெயதேவர் பாட்டுல உயிர்ப்பலிய பாத்து இரக்கப்பட்ட புத்தர்னுதானே வருது? ஏமாத்துனாருன்னு இல்லையே.

லோரோங் பர்மா அக்கா: ஆமா, அத ஒத்துக்கறேன், அது பின்னாடி வந்த கனிவான பார்வை. ரெண்டையும் சேத்து சொல்லணும்.

மீனா ஈப்போ ரோடு: என் மருமக சீனப் பிள்ள, வீட்டுல குவான் யின் வச்சிருக்கா, நான் மாரியம்மன் வச்சிருக்கேன், ரெண்டு பேருக்கும் ஒரே ஊதுவத்திதான், சண்டையே இல்ல. இதுக்கெல்லாம் புத்தகம் எதுக்குப்பா?

ஜெலுத்தோங் பையன்: ஆன்ட்டி, நான் கேட்டது வேற லா 😅

வாசு கேஎல்: அக்கா சொல்றது ஒரு பக்கம்தான். அடுத்தவங்க மதத்த உள்ள இழுத்துக்கறது நாம மட்டுமா? பாலி மொழில இருக்கற தசரத ஜாதகம்ங்கற பௌத்தக் கதைய படிங்க, ராமரே புத்தரோட முற்பிறவி, சீதை அதுல தங்கச்சி! இலங்கைல பௌத்தத்த காக்குற தெய்வம் விஷ்ணு. அப்ப அவதாரத்த சொல்லாம விட்ட ரெண்டாவது புக்கும் ஒழுங்கில்ல, கோடிக்கணக்கான பேர் நம்புறத மறைக்குது.

லோரோங் பர்மா அக்கா: அது நியாயம். அப்ப தம்பி, "அவதாரம்"னு வெறுமனே போட்டிருக்கா, இல்ல "வைணவர்கள் இப்படி சொல்றாங்க, பௌத்தர்கள் ஏத்துக்கல"ன்னு யார் சொல்றாங்கன்னு பேர் வச்சு போட்டிருக்கான்னு பாருங்க. சண்ட வர்ற பக்கத்த மட்டும் படிச்சா போதும்.

குமார்_பிஎம்: அப்படி எழுதுனா யார் உண்மைன்னு எப்பதான் சொல்லுவாங்க?

வாசு கேஎல்: அத அறிமுகப் புக்குல ஏன் தேடுறீங்க.

ஜெலுத்தோங் பையன்: இப்பதான் கடைல திரும்பப் போய் பாத்தேன். முதல் புக்குல "நாம்"னு ஆரம்பிக்குது, யார் அந்த நாம்னே இல்ல. ரெண்டாவதுல விஷ்ணுவும் இல்ல, ஜாதகமும் இல்ல. ரெண்டையும் வச்சுட்டு டீ குடிக்க வந்துட்டேன்.