alt="" போட்ட படத்துக்கு ஃபெயில் ஏன்? அவசரம்

கனிமொழி_வலை: ஒரு தளத்தின் படங்களை அணுகல்தன்மை விதிகளோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் பாஸ் அல்லது ஃபெயில் போட்டு, என்ன மாற்றலாம் என்றும் எழுதித் தருகிறேன். அலங்காரப் படம் என்றால் மாற்று உரையைக் காலியாக விட்டு `alt=""` போடுவது சரிதானே? அப்படி இருந்த படங்களுக்குப் பாஸ் போட்டேன். சரிபார்ப்பவர் எல்லாவற்றையும் ஃபெயில் என்று திருப்பிவிட்டார். ஆக்ஸ் கருவியில் `image-alt` விதி பாஸ்தான் காட்டுகிறது. இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

நேர்கோடு: alt-ஐக் காலியாக விடவே கூடாது. எந்தப் படமானாலும் 125 எழுத்துக்குள் ஒரு விளக்கம் எழுதிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பழையமரம்: படங்களுக்கு மாற்று உரை கேட்கும் WCAG விதி 1.1.1-ஐ முழுசாகப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கலாம். அலங்காரப் படத்துக்குக் காலி alt தான் முறை. 125 என்ற வரம்பு அந்த விதியில் எங்கேயும் கிடையாது. படம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று சொல்லாமல் கேள்வி கேட்டால் யார் என்ன சொல்வது?

தமிழ்விசை: HTML கோடு போடுங்கள் கனிமொழி. படத்தைச் சுற்றி இருப்பதையும் சேர்த்து.

மழைத்துளி: எனக்கும் இதே சிக்கல். பட்டை வரைபடத்துக்கு "விற்பனை வரைபடம்" என்று எழுதினேன், ஃபெயில்.

தமிழ்விசை: அது வேறு கதை மழைத்துளி. வரைபடம் சொல்லும் சேதி உங்கள் விளக்கத்தில் இல்லை. எது கூடியது, எது குறைந்தது என்று alt-இல் எழுதி, எண்களைப் பக்கத்திலேயே அட்டவணையாகப் போடுங்கள்.

கனிமொழி_வலை: இதுதான். எல்லாக் கட்டுரை அட்டையும் இப்படியே இருக்கிறது:

```
<a href="/story/4471"><img src="s4471.jpg" alt=""></a>
<h3><a href="/story/4471">தூக்கமும் நினைவாற்றலும்</a></h3>
```

தமிழ்விசை: படம் இணைப்புக்குள் இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அந்த முதல் இணைப்புக்குள் படத்தைத் தவிர வேறு எதுவுமில்லை. alt காலியானால் இணைப்புக்குப் பெயரே இல்லாமல் போகிறது. என்விடிஏ திரைவாசிப்பானைப் போட்டு K விசையால் இணைப்பு இணைப்பாகத் தாவிப் பாருங்கள். தலைப்புக்கு முன்னால் முகவரியிலிருந்து "4471" மாதிரி ஏதோ ஒரு துண்டைப் படிக்கும். கேட்பவருக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. ஆக்ஸ் அறிக்கையில் `link-name` என்ற வரியையும் பாருங்கள், அங்கே நிச்சயம் விழுந்திருக்கும். `image-alt` பார்ப்பது alt இருக்கிறதா என்பதை மட்டும்தான், காலி alt அதற்குச் சம்மதமே.

பரிந்துரை இப்படி எழுதுங்கள்: இரண்டு இணைப்பையும் ஒன்றாக்க வேண்டும்.

```
<a href="/story/4471">
  <img src="s4471.jpg" alt="">
  <h3>தூக்கமும் நினைவாற்றலும்</h3>
</a>
```

இப்போது தலைப்பே இணைப்பின் பெயர். அதே படம், அதே காலி alt, ஆனால் பாஸ்.

நேர்கோடு: alt-இல் தலைப்பையே எழுதினால் போதாதா? வார்ப்புருவைத் தொட வேண்டியதில்லையே.

தமிழ்விசை: பாஸ் ஆகும். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் ஒரே தலைப்பை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். எனவே பாஸ் போட்டு, மேம்படுத்தலாம் என்று குறிப்பு எழுதுவேன்.

பழையமரம்: எந்த விதியின் கீழ் ஃபெயில் என்பதையும் எழுத வேண்டும். இது 1.1.1.

தமிழ்விசை: இல்லை சார். படம் மட்டுமே உள்ள இணைப்புக்குப் பெயர் இல்லாத இந்தத் தவறு WCAG-இன் தவறுப் பட்டியலில் F89. அதில் இணைப்பின் நோக்கம் பற்றிய 2.4.4-உம் உறுப்புகளுக்குப் பெயர் கேட்கும் 4.1.2-உம் வருகின்றன, 1.1.1 வரவில்லை. படத்தின் மேல் தவறு எழுதினால் தளத்துக்காரர்கள் alt-ஐத்தான் மாற்றுவார்கள், இணைப்பை அப்படியே விட்டுவிடுவார்கள்.

பழையமரம்: இணைப்பாக வேலை செய்யும் படத்துக்கு அந்த வேலையைச் சொல்லும் மாற்று உரை இல்லை என்றால் அது 1.1.1 தான். F89-இல் பெயர் இல்லை என்பதற்காக அந்த விதி பொருந்தாது என்று ஆகிவிடாது.

ஒலிவழி: நான் தினமும் திரைவாசிப்பானில்தான் படிக்கிறேன். விதி எண்ணை நீங்கள் பேசி முடியுங்கள். எனக்கு வேறு கேள்வி: அந்தப் படம் அலங்காரம் என்று யார் முடிவு செய்தது? புத்தகத்தின் மேல் தலை சாய்த்து ஒருவர் உறங்குகிறார் என்றால் அதை நானும் தெரிந்துகொள்ள விரும்புவேன்.

தமிழ்விசை: நியாயம்தான். ஆனால் பட்டியல் பக்கத்தில் இருபது அட்டைக்கும் அதைக் கேட்டால் தலைப்பைத் தேடிப் பிடிக்க நேரமாகும். கட்டுரைக்குள் அதே படம் வரும் இடத்தில் விளக்கம் எழுதச் சொல்வேன்.

ஒலிவழி: நேரமாகுமா ஆகாதா என்பதை நான் முடிவு செய்கிறேனே. வேண்டாம் என்றால் தாண்டிப் போக எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டதை எந்த விசையை அழுத்தியும் கேட்க முடியாது.

பழையமரம்: விதி இரண்டுக்கும் இடம் தருகிறது. படம் போட்டவரின் நோக்கத்தைக் கேட்காமல் சரிபார்ப்பவர் தானாகத் தீர்ப்பு எழுதக் கூடாது.

கனிமொழி_வலை: `link-name`-இல் எல்லா அட்டையும் விழுந்திருக்கிறது. 2.4.4, 4.1.2 போட்டு, இணைப்பை ஒன்றாக்கும் பரிந்துரையோடு அனுப்பிவிட்டேன். படம் அலங்காரம்தானா என்று ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறேன். நன்றி.