புதுப்பிப்பு: இறந்த அப்பாவின் கடன், மகன் எவ்வளவு கட்ட வேண்டும்?

"அப்பா வாங்கின 9 லட்சத்துக்கு என் சம்பளத்தைப் பிடிப்பாங்களா?"

நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடாதவரை, நேரடியாகப் பிடிக்க முடியாது. "அப்போ ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்று இந்தக் கேள்விக்கு ஒருவர் சொன்னது பாதிதான் சரி. அப்பா விட்டுப்போன மனை 6 லட்சம் பெறும் என்றால், அந்த அளவுக்குக் கடன் கொடுத்தவர் கேட்கலாம். மீதி 3 லட்சத்துக்கு உங்கள் சொந்தக் காசைத் தொட முடியாது.

வம்பு வருவது மனையை விற்றுச் செலவழித்த பிறகுதான். அந்தப் பணம் எங்கே போனது என்று நீதிமன்றத்தில் கணக்குக் காட்டாவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டம் 52வது பிரிவின்படி அந்த அளவுக்கு நீங்களே பொறுப்பு. ஈமச்சடங்குச் செலவு, அடைத்த மற்றக் கடன்களின் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள்.

அப்பா வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் என்ன ஆகும் என்று கேட்ட அக்காவுக்கு: அடமானம் வீட்டோடே வரும். தாத்தா சொத்தும் கணக்கில் வருமா என்றால், அதில் அப்பா பங்கு எவ்வளவு என்பது பத்திரம் பார்த்தால்தான் தெரியும்.