புளூடூத் ‘பேரிங்’ என்பது இணைப்பா, பிணைப்பா? மடக்கு விசைப்பலகைக் கையேட்டுக்கு ஒரு சொல்

பெரம்பூரிலிருந்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பயணத்தில் கைபேசியுடன் பயன்படுத்தும் மடக்கு விசைப்பலகை ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். கருவியின் பெயரில் எனக்குத் தயக்கம் இல்லை. மடக்குக் கத்தி, மடக்குக் கட்டில் என்று நாம் நாள்தோறும் சொல்லும்போது மடக்கு விசைப்பலகை என்பதே போதும். (அணியிலக்கணம் படித்தவர்களுக்கு மடக்கணி நினைவுக்கு வந்தால் வரட்டும்.) ‘பேரிங்’ என்ற சொல்லில்தான் நின்றுவிட்டேன். என் கைபேசியின் தமிழ் அமைப்பில் புதிய கருவியைச் சேர்ப்பதற்கும் ‘இணை’ என்றுதான் இருக்கிறது. சேர்ந்த கருவியோடு ஒவ்வொரு முறையும் தொடர்பு கொள்வதற்கும் ‘இணை’ என்றுதான் இருக்கிறது.

இது வெறும் மொழிக்குறை அன்று என்பதைச் சென்ற மாதம் பட்டறிந்தேன். என் விசைப்பலகையை அண்ணன் மகன் ஒருநாள் தன் பலகைக் கணினியோடு சேர்த்துப் பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தந்தான். மறுநாள் கோயம்புத்தூர் செல்லும் வண்டியில் அதை விரித்தபோது, கைபேசியின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது. ஆனால் பெயரைத் தொட்டால் சில நொடிகள் சுற்றிவிட்டு நின்றுபோனது. ‘இணை’ என்று கையேடு சொல்கிறது, நானும் காட்பாடி வரைக்கும் இணைத்துக்கொண்டேதான் இருந்தேன். என்ன நடந்தது என்று விளக்குவதோடு, அதைச் சொல்ல இரண்டு தனிச்சொற்களும் தருவீர்களா?

தண்டையார்பேட்டையிலிருந்து

அம்மா, கைபேசி பழுதுபார்க்கும் கடையில் இருபது ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன் என்ற முறையில் முதலில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லுக்குப் பிறகு வருகிறேன்.

முதன்முறை சேர்க்கும்போது விசைப்பலகையும் கைபேசியும் தமக்குள் ஒரு மறைச்சாவியை உண்டாக்கி, ஆளுக்கொரு பக்கம் சேமித்து வைத்துக்கொள்கின்றன. அதன்பின் ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் புதுச்சாவி உண்டாக்குவதில்லை. பழைய சாவியைக் கொண்டே ஒன்றையொன்று அடையாளம் கண்டு தொடர்பு கொள்கின்றன. உங்கள் விசைப்பலகையில் மூன்று கருவிகளுக்கு மூன்று இடங்கள் இருக்கும். எண் விசைகளுக்கு மேல் சிறிதாகப் புளூடூத் குறி அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். தம்பி தன் கணினியை உங்களுடைய முதல் இடத்திலேயே சேர்த்திருக்கிறார். விசைப்பலகையின் பக்கம் உங்கள் சாவி அழிந்து, அவர் சாவி அதன் மேல் எழுதப்பட்டுவிட்டது. உங்கள் கைபேசிக்கு இது தெரியாது. அது பழைய சாவியை நீட்டுகிறது, விசைப்பலகை ஏற்க மறுக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தும் தொடர்பு கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

தீர்வு இரண்டு பக்கமும் செய்ய வேண்டியது. முதலில் கைபேசியில் அந்தப் பெயருக்கான அமைப்பைத் திறந்து, கருவியை மறக்கச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் விசைப்பலகையை மட்டும் புதிதாகச் சேர்க்க முயன்றால், பல கைபேசிகள் பழைய சாவியையே பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். பிறகு Fn விசையோடு முதல் இடத்துக்குரிய எண்ணைச் சில நொடிகள் விடாமல் அழுத்துங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்டத் தொடங்கினால் அது புதியவரை ஏற்கும் நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அந்த வேகத்தை வைத்துத்தான் நான் நோயைக் கண்டறிவேன். மெதுவாகச் சிமிட்டினால் அது பழைய உறவைத் தேடுகிறது. வேகமாகச் சிமிட்டினால் புதிய உறவுக்குக் காத்திருக்கிறது. (சில நிறுவனங்கள் விளக்கு முறையை மாற்றி வைத்திருப்பார்கள், கையேட்டில் அந்த ஒரு வரியையாவது சரிபார்த்து எழுதுங்கள்.) கைபேசி ஓர் ஆறிலக்க எண்ணைக் காட்டினால், அதை விசைப்பலகையில் அடித்து என்டர் தட்ட வேண்டும். தம்பியின் கணினியை இரண்டாம் இடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை மீண்டும் வராது.

சொல்லுக்கு என் முன்மொழிவு: முதன்முறைச் செயலுக்குப் பிணைப்பு, ஒவ்வொரு முறையும் நிகழ்வதற்குத் தொடர்பு. அப்படியிருந்தால் உங்கள் வண்டிச் சிக்கலைக் கையேட்டில் ஒரே வரியில் எழுதலாம்: “கைபேசியில் பிணைப்பு இருக்கிறது, விசைப்பலகையில் இல்லை, ஆகவே தொடர்பு கிடைக்காது.”

காசிமேட்டிலிருந்து

இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. எந்தப் புளூடூத் கருவியானாலும் 0000 அல்லது 1234 என்று அடித்தால் சேர்ந்துவிடும். நான் பல ஆண்டுகளாக அப்படித்தான் செய்து வருகிறேன். சொல்லைப் பொறுத்தவரை, வலையிலும் கயிற்றிலும் நாங்கள் நாள்தோறும் போடும் முடிச்சு இருக்கும்போது பிணைப்பு எதற்கு? முடிச்சு போடு, முடிச்சை அவிழ் என்றால் குழந்தைக்கும் விளங்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து

ஐயா, பழைய செவிப்பேசிகளிலும் காருக்குள் வைக்கும் கருவிகளிலும் எண் அடிக்கும் விசையே இல்லாததால், தொழிற்சாலையிலேயே 0000 என்று வைத்து அனுப்பினார்கள். அதுவரை நீங்கள் சொல்வது சரி. விசைப்பலகையில் எண் விசை இருக்கிறது. ஆகவே கைபேசி ஒவ்வொரு முறையும் புதிய எண்ணைக் காட்டி, அதையே அடிக்கச் சொல்கிறது. அங்கே 0000 அடித்தால் பிணைப்பு முறிந்துவிடும். சில மடக்கு விசைப்பலகைகள் எண்ணே கேட்காமல் சேர்ந்துகொள்வதும் உண்டு.

முடிச்சு அழகான சொல்தான். ஆனால் முடிச்சை ஒரு கை அவிழ்த்தால் இரு கயிறும் விடுபட்டுவிடும். இங்கே அப்படி இல்லை. ஒரு பக்கம் அவிழ்ந்ததை மறுபக்கம் அறியாமல் இருப்பதுதான் அம்மாவின் சிக்கலே.

ஜார்ஜ் டவுனிலிருந்து

வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பதால் ஒரு மறுப்பு. எங்கள் மனுக்களில் பிணை என்றால் ஜாமீன், பிணையாளர் என்றால் ஜாமீன்தாரர். “பிணையை நீக்கு” என்று கைபேசி சொன்னால் எங்கள் கட்சிக்காரர்கள் திடுக்கிடுவார்கள். அறிமுகம் என்று சொல்லலாமே? ஒருமுறை அறிமுகமானவர்களை மறுமுறை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மறந்துவிட்டால் மட்டுமே வேண்டியிருக்கும். கைபேசியின் ‘மற’ என்ற கட்டளைக்கும் அது பொருந்துகிறது.

வியாசர்பாடியிலிருந்து

குழுவுக்கு வணக்கம். பேரிங் என்றதும் எங்கள் பகுதி லேத் பட்டறைகளின் உருளைப் பேரிங்கைப் பற்றிய விவாதம் என்று எண்ணித் திறந்தேன். பிறகுதான் மடக்கு விசைப்பலகை என்று கண்டேன். நானும் ஒன்று வாங்க இருக்கிறேன். எதை வாங்கலாம் என்று யாராவது சொல்லுங்கள். தமிழ்99 முறையில் அடிப்பவன் நான். சென்ற முறை இணையத்தில் படத்தை மட்டும் பார்த்து வாங்கியதில் ‘வாழை’ என்று எழுதுவதற்குள் விரல் மூன்று முறை தடுமாறியது.

பெரம்பூரிலிருந்து

தம்பி, இது சொல்லுக்கான இழை. ஆனாலும் நீங்கள் தொட்டது கையேட்டிலும் கடையிலும் யாரும் சொல்லாத செய்தி என்பதால் விடை எழுதுகிறேன்.

தமிழ்99 ஆங்கில எழுத்து விசைகளோடு நின்றுவிடுவதில்லை. அது வலக்கை ஓரத்திலுள்ள குறி விசைகளையும் எடுத்துக்கொள்கிறது: ச `[` விசையிலும், ஞ `]` விசையிலும், ந `;` விசையிலும், ய `'` விசையிலும், ழ `/` விசையிலும் இருக்கின்றன. மடக்கு விசைப்பலகை செய்பவர்கள் அகலத்தைக் குறைக்க முதலில் கைவைப்பதும் இந்த ஓரத்தில்தான். ஆங்கிலத்தில் அடிப்பவருக்கு `[` பாதி அகலமாக இருந்தாலும் இழப்பில்லை. நமக்கோ சகரம் இல்லாமல் ஒரு வரி நகராது. ஆகவே படத்தைப் பெரிதாக்கி இந்த ஐந்து விசைகளையும் தேடுங்கள். எது பாதியாகச் சுருங்கியிருக்கிறது, எது வேறு வரிசைக்குப் போயிருக்கிறது, எது Fn விசையோடு சேர்த்து அழுத்தினால்தான் வருகிறது என்று பாருங்கள். யகரமும் நகரமும் Fn-க்குள் ஒளிந்திருந்தால், விலை எதுவானாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, ஓர் அளவுகோலை எடுத்துச் செல்லுங்கள். மேசை விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 19 மி.மீ. இருக்கும். A விசையின் நடுவிலிருந்து F விசையின் நடுவரை மூன்று தாவல், ஆக 57 மி.மீ. மடக்கு வகையில் அது 51-ஆக இருந்தால் ஒரு தாவலுக்கு 17 தான். பெரிய விரல்காரர்களுக்குப் பக்கத்து விசை சேர்ந்து அழுந்தும். இரு கைக்கும் சேர்த்து மொத்தமாக அளக்காதீர்கள். நடுவில் மடிப்பு இருப்பதால் அந்த இடைவெளியும் கணக்கில் புகுந்துவிடும்.

அந்த மடிப்பைப் பற்றியும் ஒன்று. இரண்டாக மடியும் வகையில் கீல், G விசைக்கும் H விசைக்கும் இடையில் வருகிறது. தமிழ்99-இல் உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில் என்பதால், அந்தப் பிளவு நமக்கு இடைஞ்சலாகவே தோன்றுவதில்லை. மூன்றாக மடிபவற்றில் இரண்டு கீல்கள் வருவதால் இந்த வசதி கிடையாது. விரித்து மேசைமேல் வைத்து, கீலுக்கு இருபுறமும் அழுத்திப் பாருங்கள். பலகை ஆடினால் இரயிலில் இன்னும் ஆடும். விரித்த நிலையில் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இல்லையென்றால், மடியில் வைத்ததும் நடுவில் தொய்ந்து விழும். நான் தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்றை அடியில் வைத்துக்கொள்கிறேன்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘அறிமுகம்’ எனக்குப் பிடித்திருக்கிறது; ஆனால் மென்பொருளைத் திறந்தால் முதல் பக்கமும் ‘அறிமுகம்’ என்றுதான் இருக்கும். ஆகவே பிணைப்பை வைத்துக்கொண்டு, ‘பிணை’ என்ற தனி வடிவத்தை மட்டும் தவிர்த்து, ‘பிணைப்பை நீக்கு’, ‘பிணைத்துக்கொள்’ என்று எழுதலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து

எழுதலாம். ஆனால் ஒரு முள் மீதம் இருக்கிறது. புளூடூத் தரநிறுவல் ஆவணங்களில் சாவியை உண்டாக்குவது ஒரு சொல், உண்டான சாவியைச் சேமித்து வைப்பது வேறொரு சொல். சேமிக்காமலே ஒருமுறை மட்டும் சேர்ந்து பிரியும் கருவிகளும் உண்டு. நாம் பிணைப்பு என்பதை இரண்டாவதற்கு வைத்தால், முதலாவதற்கு என்ன செய்வது? செயலுக்குப் பிணைத்தல், அதன் விளைவாகத் தங்கியதற்குப் பிணைப்பு என்று பிரிக்கலாம் என்பது என் எண்ணம்.

ஜார்ஜ் டவுனிலிருந்து

‘-தல்’, ‘-பு’ என்ற ஈறுகளை நம்பி இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தூக்கி நிறுத்த முடியாது, ஐயா. வேகமாகப் படிப்பவர் இரண்டையும் ஒன்றென்றே கொள்வார். கையேட்டுக்குப் பிணைப்பு போதும் என்று ஒத்துக்கொள்கிறேன். தரநிறுவல் ஆவணத்துக்கு என் மறுப்பு நிற்கிறது.

வியாசர்பாடியிலிருந்து

அம்மா சொன்னபடி அளவுகோலோடு பர்மா பஜாருக்குப் போய் வந்தேன். நான்காவது கடையில் கிடைத்தது. A முதல் F வரை 54 மி.மீ. ச, ந, ய, ழ நான்கும் தனி விசைகளாக, முழு அகலத்தோடு இருக்கின்றன. ஞகரம் மட்டும் Fn-க்குள் போய்விட்டது; ஞாயிற்றுக்கிழமைகளில் பொறுத்துக்கொள்வேன். கடைக்காரர் தம் கைபேசியோடு முதல் இடத்தில் சேர்த்து அடித்துக் காட்டினார். வாங்கும் முன், “உங்கள் பிணைப்பை நீக்கிவிட்டுத் தாருங்கள்” என்றேன். அவர் ஒரு நொடி விழித்துவிட்டு, “யாருக்கு சார் ஜாமீன்?” என்று கேட்டார்.